தெரியாத கேள்விக்கு எவ்வளவு கழிக்கலாம்?

(தமிழ் மொழி மாத வினாடி வினாவுக்குக் கேள்வி எழுத வந்த தொண்டூழியர்களிடம், சமூக மன்ற அறை ஒன்றில் ஓர் ஆசிரியர் பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வித்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மதிப்பெண் போடும் முறையை முடிவு செய்துவிடலாம். கேள்விகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மதிப்பெண் முறை தவறாக இருந்தால் பரிசு தவறான கைக்குப் போய்விடும். இதை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் விதியை எழுதியது நான்தான்.

முதல் முறை, சில ஆண்டுகளுக்கு முன்பு. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான போட்டி. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு எதுவும் கழிக்கவில்லை. ஒரு மாணவி 24 கேள்விகளுக்கு விடை குறித்திருந்தாள், 24-ம் சரி. மீதி 16 கேள்விகளைக் காலியாக விட்டிருந்தாள். இன்னொரு மாணவன் நாற்பதையும் குறித்திருந்தான், அதில் 29 சரி. பரிசு அவனுக்குப் போனது. முடிந்த பிறகு அவனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "24 கேள்விதான் சார் தெரியும், மீதிக்கெல்லாம் மூணாம் நம்பரைக் கருப்பாக்கிட்டேன்" என்றான். ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். அவன் மேல் குற்றமே கிடையாது. பள்ளித் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதே என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த விதிப்படி அவன் செய்தது சரி. தெரியாததைத் தெரியாது என்று விட்ட பெண்ணுக்குத்தான் அந்த விதி நஷ்டம் செய்தது. இருவருக்கும் தெரிந்தது அதே 24 கேள்விகள்.

அது மனத்தை உறுத்தியதால் அடுத்த ஆண்டு நேர் எதிராகப் போனேன். சரியென்றால் 1 கூட்டு, தவறென்றால் 1 கழி. குருட்டாம்போக்கில் குறிப்பது உடனே நின்றுவிட்டது. ஆனால் விடைத்தாள்களைத் திருத்தும்போது வேறொன்று கண்ணில் பட்டது. எல்லாத் தாளிலும் காலி வட்டங்கள், பல இடங்களில் பென்சிலால் குறித்துப் பிறகு அழித்த தடம். "சிங்கப்பூரின் தமிழ் முரசு நாளிதழ் எந்த ஆண்டு தொடங்கப்பட்டது?" என்று ஒரு கேள்வி. தெரிவுகள் 1925, 1935, 1945, 1955. ஒரு பிள்ளை 1935-ஐக் குறித்து, அழித்து, காலியாக விட்டிருந்தது. விடை 1935 தான். அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது, ஆனால் 1 மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது.

ஆக, கழிக்காமல் விட்டாலும் தவறு, அளவுக்கு மீறிக் கழித்தாலும் தவறு. நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிற ஒரே ஓர் எண். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை.

ஒரு மாணவருக்குச் சுத்தமாக எதுவும் தெரியாத நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு தெரிவுகள். கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறார். ஒரு கேள்வியில் சரியாக விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதனால் நான்கு கேள்விகளில் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். அந்த ஒரு சரியால் வந்த லாபம் முழுவதையும் மூன்று தவறுகளும் சேர்ந்து திருப்பி வாங்கிவிட வேண்டும். அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டு குறித்ததற்கும் காலியாக விட்டதற்கும் வித்தியாசம் இருக்காது. சரிக்கு 3 மதிப்பெண் கொடுத்தால் ஒவ்வொரு தவறுக்கும் 1 கழிக்க வேண்டும். சரிக்கு 1 தான் கொடுப்போம் என்றால் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு. பின்னத்தோடு கூட்டிக் கழிப்பது இரவு பத்து மணிக்குத் திருத்துகிறவர்களுக்குத் தொல்லை, அதனால் நான் 3-க்கு 1 என்றே வைக்கிறேன்.

நினைவில் வைக்க வேண்டியது, ஒரு கேள்வியில் எத்தனை தவறான தெரிவுகள் இருக்கின்றன என்பதைத்தான். நான்கு தெரிவில் தவறானவை மூன்று, ஆகவே 3-க்கு 1. ஐந்து தெரிவு வைத்தால் தவறானவை நான்கு, 4-க்கு 1. மூன்று தெரிவென்றால் 2-க்கு 1. "சரியா தவறா" வகைக் கேள்வியில் தவறான தெரிவு ஒன்றே ஒன்று, அங்கே 1-க்கு 1 கழிப்பதுதான் நியாயம். நான் இரண்டாம் ஆண்டு செய்த பிழை இப்போது உங்களுக்கே தெரியும். சரியா தவறா கேள்விக்கு உரிய அபராதத்தை நான்கு தெரிவுக் கேள்வியில் போட்டுவிட்டேன். இதனால்தான் ஒரே தாளில் இரண்டு வகைக் கேள்விகளையும் கலந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அபராதம் வைக்கக் கூடாது. கலக்கத்தான் வேண்டும் என்றால் தனிப் பகுதியாகப் பிரித்து, அந்தப் பகுதிக்கு உரிய அபராதத்தை அதன் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது பழைய போட்டிக்கு இந்த விதியைப் போட்டுப் பார்ப்போம். 40 கேள்விகள், சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு, காலிக்குப் பூஜ்யம். மொத்தம் 120. அந்த மாணவிக்கு 24 சரி, 72 மதிப்பெண். அவளைப் போலவே 24 தெரிந்த ஒருவர் மீதி 16-ஐயும் கண்ணை மூடிக் குறித்தால், சராசரியாக 4 சரி, 12 தவறு. பன்னிரண்டைக் கூட்டிப் பன்னிரண்டைக் கழித்தால் ஒன்றுமில்லை. அவருக்கும் 72 தான்.

வெளியில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். இந்தியாவில் யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் நான்கு தெரிவுகள், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கிறார்கள். நாம் போட்ட கணக்கு அப்படியே அதுதான். நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு, அங்கேயும் நான்கு தெரிவுகள். இது கொஞ்சம் இளகிய விதி. நான்கு கேள்வியைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 4 வரும், 3 போகும், 1 மிஞ்சும். 180 கேள்வியையும் அப்படிக் குறித்தால் சராசரியாக 45 மதிப்பெண் கையில் நிற்கும். 720-க்கு அது சிறியதுதான், ஆனால் பூஜ்யமில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டிருக்கும் அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்விலும் ஐந்து தெரிவுக் கேள்விக்குக் கால் மதிப்பெண் கழித்து வந்தார்கள். 2016-இல் தேர்வை மாற்றியபோது கழிப்பதையே விட்டுவிட்டார்கள். பெரிய தேர்வுகளே ஆளுக்கொரு வழியில் போகும்போது, "மற்றவர்கள் 4-க்கு 1 வைக்கிறார்களே" என்று பார்த்து எழுத வேண்டாம். நம் தாளில் எத்தனை தெரிவு என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

சரி, தமிழ் முரசு கேள்விக்குத் திரும்பி வருவோம். இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஒரு மாணவிக்கு ஆண்டு நினைவில்லை. ஆனால் ஜப்பானியர் ஆட்சிக்கு முன்பே வந்த பத்திரிகை என்று தாத்தா சொன்னது நினைவிருக்கிறது. அந்த ஆட்சி தொடங்கியது 1942-இல். ஆகவே 1945-ஐயும் 1955-ஐயும் அடித்துவிடுகிறாள். மிச்சம் 1925, 1935. இரண்டில் ஒன்றைக் குறித்தால் என்ன நடக்கும்? இப்படிப்பட்ட இரண்டு கேள்விகளில் சராசரியாக ஒன்று சரியாகி 3 வரும், ஒன்று தவறாகி 1 போகும். நிகரம் 2, அதாவது கேள்விக்கு 1 மதிப்பெண். ஒரே ஒரு தெரிவை மட்டும் அடிக்க முடிந்தால், மூன்று கேள்விக்கு 3 வந்து 2 போகும், கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் நிற்கும். எதுவும் தெரியாதவருக்குப் பூஜ்யம், கொஞ்சம் தெரிந்தவருக்குக் கொஞ்சம், முழுதாகத் தெரிந்தவருக்கு 3. அறிவின் அளவுக்கேற்ப மதிப்பெண் ஏறுகிறது. 1-க்கு 1 கழித்த என் பழைய விதியில், இரண்டு தெரிவை அடித்த அந்தப் பிள்ளைக்குச் சராசரியில் ஒன்றுமே கிடைக்காது. ஒன்றை மட்டும் அடித்த பிள்ளைக்கு நஷ்டமே வரும். அரைகுறையாகத் தெரிந்ததற்கும் ஒரு மதிப்பு உண்டு. வீட்டில் பேசிக் கேட்ட தமிழிலிருந்து நம் பிள்ளைகள் அள்ளி வருவது பெரும்பாலும் அந்த மாதிரி அறிவுதான்.

இதை மாணவர்களிடம் போட்டிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். "தவறினால் கழிப்போம்" என்று மட்டும் சொன்னால் கூச்சப்படுகிற பிள்ளைகள் எதையும் தொட மாட்டார்கள், துணிச்சல்காரர்கள் எப்போதும் போலக் குறிப்பார்கள். அப்போது தமிழை விட்டுவிட்டுத் தைரியத்தை அளந்தவர்கள் ஆகிவிடுவோம். "ஒரு தெரிவையாவது உறுதியாக அடிக்க முடிந்தால் குறியுங்கள், ஒன்றையும் அடிக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி கை தூக்குகிறார். "அப்படியென்றால் கண்ணை மூடிக் குறிப்பவருக்கு எப்போதும் பூஜ்யம்தான் வருமா சார்?"

வராது தம்பி. சராசரியாகத்தான் பூஜ்யம். ஒரு நாள், ஒரு தாள் என்று எடுத்துக்கொண்டால் அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் ஆடும். அந்த 16 கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 100 பேர் அவற்றைக் கண்ணை மூடிக் குறித்தால், ஏறத்தாழ 60 பேருக்கு மூன்று முதல் ஐந்து வரை சரியாகும். அவர்களுக்கு 4 கூடலாம், 4 குறையலாம், அல்லது ஒன்றும் மாறாமல் இருக்கலாம். ஏறத்தாழ 20 பேருக்கு ஆறு அல்லது அதற்கு மேல் சரியாகி, குறைந்தது 8 மதிப்பெண் கூடிவிடும். இன்னொரு 20 பேருக்கு இரண்டு அல்லது அதற்குக் கீழ் சரியாகி, குறைந்தது 8 மதிப்பெண் போய்விடும். முதல் ஆண்டு பரிசு வாங்கிய மாணவனுக்கு 16-இல் 5 சரியாக விழுந்தது. நம் புது விதியில் அவனுக்கு 87-இல் 11 போக 76, அந்த மாணவிக்கு 72. அப்போதும் அவன் முன்னால்தான் இருந்திருப்பான், ஆனால் 120-க்கு 4 மட்டுமே முன்னால். பழைய விதியில் 40-க்கு 5 முன்னால் இருந்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பரிசு முதலிடத்துக்கு மட்டும் என்றால், பின்தங்கியிருப்பதாக நினைக்கிற பிள்ளைக்கு இழக்க எதுவுமில்லை. எட்டாவது இடமும் பன்னிரண்டாவது இடமும் அவருக்கு ஒன்றுதான். அதனால் சராசரி பூஜ்யம் என்றாலும் அவர் குறித்துத்தான் பார்ப்பார், 100-இல் 20 வாய்ப்பு இருக்கிறதே! அபராதத்தை ஏற்றி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அது அரைகுறை அறிவு உள்ள பிள்ளையைத்தான் அடிக்கும். எழுத்துச் சுற்றை வைத்து முதல் இடத்தை முடிவு செய்யாமல் இருப்பதே நல்ல வழி. முதலிடத்துக்கு 8 மதிப்பெண்ணுக்குள் வந்த எல்லோரையும் மேடைக்கு அழைத்து, தெரிவு எதுவும் கொடுக்காமல் நேரடியாகக் கேள்வி கேளுங்கள். தெரிவு இல்லாத இடத்தில் குருட்டாம்போக்குக்கு வேலை இல்லை.

இவ்வளவு கணக்கும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. நான்கு தெரிவும் உண்மையிலேயே நான்காக இருக்க வேண்டும். இங்கேதான் கேள்வி எழுதும் உங்கள் வேலை வருகிறது.

ஒரு மாதிரி சொல்கிறேன். "சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் யார்?" தெரிவுகள்: சி. ராஜரத்னம், கோ கெங் சுவீ, தோ சின் சாய், ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். நான்காவதை எந்தப் பிள்ளை குறிக்கும்? ராஃபிள்ஸ் இறந்தது 1826-இல். இந்தக் கேள்வி பார்வைக்கு நான்கு தெரிவு, உள்ளே மூன்றுதான். மூன்றுக்கு 2-க்கு 1 கழிக்க வேண்டும், நாமோ 3-க்கு 1 கழிக்கிறோம். விடை தெரியாமலேயே கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஒழுகுகிறது. இப்படிச் செத்த தெரிவு உள்ள கேள்விகள் 12 இருந்தால் சராசரியாக 4 மதிப்பெண் சும்மா போகும். இதைக் கண்டுபிடிக்க, திருத்திய பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் எந்தத் தெரிவை எத்தனை பேர் குறித்தார்கள் என்று எண்ணுங்கள். யாருமே தொடாத தெரிவு செத்த தெரிவு. அடுத்த ஆண்டு அதை மாற்றுங்கள். நம்பும்படியான நான்காவது தெரிவு கிடைக்கவே இல்லை என்றால், அந்தக் கேள்வியைத் தெரிவு இல்லாத மேடைச் சுற்றுக்கு அனுப்பிவிடலாம்.

அடுத்தது, சரியான விடை எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பது. முதல் ஆண்டு என் விடைக்குறிப்பைப் பிறகு எண்ணிப் பார்த்தபோது 40-இல் 14 இடத்தில் மூன்றாம் தெரிவுதான் சரி. விடையை முதலில் வைத்தால் எளிதாகப் போய்விடும், கடைசியில் வைத்தால் கண்ணில் படும் என்று நினைத்து நடுவில் ஒளிக்கிற பழக்கம் எழுதுகிற எல்லோருக்கும் உண்டு. அந்தத் தாளுக்கு 3-க்கு 1 விதியே இருந்திருந்தாலும், கேள்வியைப் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை மூன்றாம் எண்ணையே கருப்பாக்கிய ஒருவருக்கு 42 வந்து 26 போய், 16 மதிப்பெண் மிச்சம் நின்றிருக்கும். ஒவ்வோர் எண்ணிலும் 10 விடை இருந்தால் 30 வந்து 30 போகும், சரியாகப் பூஜ்யம்.

அதனால் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். சீட்டுகளில் 1, 2, 3, 4 என்று பத்துப் பத்தாக எழுதி ஒரு டின்னில் போட்டுக் குலுக்கி, கேள்விக்கு ஒன்றாக எடுங்கள். ஆண்டுகள் வரும் கேள்வியில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஆண்டுகளை ஏறுவரிசையில் தருவதுதான் படிக்க வசதி. சீட்டில் 3 வந்தால் தமிழ் முரசு கேள்விக்கு 1915, 1925, 1935, 1945 என்று வையுங்கள். 1 வந்தால் 1935-இல் தொடங்கி மேலே போங்கள். இன்னொன்று, எண்ணுக்குப் பத்து என்ற கணக்கு வெளியே தெரிந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் தெரிந்த விடைகளை எண்ணிப் பார்த்து மிச்சத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே எடுத்த பிறகு ஓரிரு சீட்டை மாற்றி 9, 11 என்று விட்டுவிடுங்கள். ஓர் எண்ணில் 11 இருந்தால் அந்த எண்ணையே குறித்தவருக்கு 4 மதிப்பெண்தான் மிஞ்சும். அது பரவாயில்லை.

கடைசியாக, தொடக்கநிலைப் பிள்ளைகளின் பிரிவைப் பார்க்கும் அக்காமார்களுக்கு. பத்து வயதுப் பிள்ளையின் தாளில் சிவப்பு மையில் கழித்தல் குறி போட எனக்கு மனம் வரவில்லை. போடவும் தேவையில்லை. சரிக்கு 4, காலியாக விட்டால் 1, தவறுக்குப் பூஜ்யம் என்று வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எல்லோருக்கும் 1 கூட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அந்த மாணவிக்கு 24 சரிக்கு 96, 16 காலிக்கு 16, மொத்தம் 112. கண்ணை மூடிக் குறித்தவருக்கு 28 சரிக்கு 112, தவறுக்கு எதுவுமில்லை. மீண்டும் சமம். முன்பு 72, இப்போது 112, இருவருக்கும் 40 கூடியிருக்கிறது. யாருடைய இடமும் மாறாது. ஒன்றை மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எதையும் குறிக்காத தாளுக்கும் இந்த முறையில் 40 மதிப்பெண் வரும். சொல்லாவிட்டால் பரிசளிப்பு முடிந்ததும் உங்களைச் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள்.

உயர்நிலைப் பிரிவுத் தாளின் முதல் பக்கத்துக்கு நான் எழுதி வைத்த வரிகள் இவை. "சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். காலியாக விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஒரு தெரிவையாவது உறுதியாக நீக்க முடிந்தால் விடை குறிப்பது உங்களுக்கு நல்லது." படித்துப் பார்த்து, புரியாத சொல் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். சீட்டு டின் மேசையில் இருக்கிறது, கேள்வி எழுதத் தொடங்கும் முன் ஆளுக்குப் பத்துச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.